வீட்டுக்கடனை 4.60லிருந்து 3.90க்கு மாற்றலாமா? மாற்றியவர்கள் செலவுக் கணக்கைச் சொல்லுங்கள்

மலர்விழி, சுங்கை சிப்புட் | திங்கள், இரவு 9.42

வணக்கம் எல்லாருக்கும். 2016ல் எங்கள் தாமானில் ஒரு மாடி வரிசை வீடு வாங்கினோம். கடன் 217,500 வெள்ளி, 30 வருடம். இன்றைக்கு மீதி 180,000, இன்னும் 21 வருடம் கட்ட வேண்டும். வட்டி 4.60 சதவீதம், மாதம் 1,115 வெள்ளி. நான் செம்பனை ஆலையில் கிராணி வேலை, வயது 39. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார்.

போன வாரம் இன்னொரு வங்கியின் அதிகாரி ஆலைக்கே வந்தார். 3.90 சதவீதத்துக்குத் தருவதாகவும் மாதம் 849 கட்டினால் போதும் என்றும் சொன்னார். அதாவது மாதம் 266 வெள்ளி மிச்சம். செலவு என்று வக்கீல் கூலி 2,430, முத்திரை வரி 900, மொத்தம் 3,330 எழுதிக் கொடுத்தார். 3,330ஐ 266ஆல் வகுத்தால் 13 மாதத்துக்குள் போட்ட காசு திரும்பிவிடுகிறது. அதற்குப் பிறகு எல்லாம் லாபம்தானே? கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை இங்கே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். நான் கவனிக்காமல் விட்டது ஏதாவது இருக்கிறதா?

---

குணா, தாப்பா | திங்கள், இரவு 10.05

தாராளமாக மாற்றுங்கள் அக்கா. வித்தியாசம் அரை சதவீதத்துக்கு மேல் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், உங்களுக்கு 0.70 இருக்கிறது. நான் 2021ல் மாற்றினேன், மாதம் 180 வெள்ளி கையில் நிற்கிறது. ஆனால் வக்கீல் கூலியில் உங்களை ஏமாற்றுகிறார்கள். அது நூற்றுக்கு ஒன்று, 180,000க்கு 1,800தான் வரும். வேறு வக்கீலைப் பாருங்கள்.

---

சரோஜா டீச்சர் | திங்கள், இரவு 10.31

நானும் இதே யோசனையில்தான் இருக்கிறேன். எங்கள் கடன் அரசு ஊழியர்களுக்கு வீட்டுக்கடன் தரும் எல்பிபிஎஸ்ஏயில், 4 சதவீதம், சம்பளத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். 3.90 கிடைக்கிறது என்றால் நாங்களும் வங்கிக்கு மாற்றலாமா?

---

சாமிநாதன், ஈப்போ | செவ்வாய், காலை 7.15

மலர்விழி, அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதேம்மா. 26 வருடம் கடன் பிரிவில் இருந்தவன் சொல்கிறேன். அந்த அதிகாரி பொய் சொல்லவில்லை, ஆனால் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகக் கலந்து காட்டியிருக்கிறார்.

849 வெள்ளி எப்படி வந்தது என்று பார். 180,000ஐ 3.90 சதவீதத்தில் 30 வருடத்துக்குப் போட்டால்தான் 849 வரும். உனக்கு மீதி இருப்பது 21 வருடம். அதே 21 வருடத்துக்கு 3.90 என்றால் மாதம் 1,047. இப்போது கட்டுவதைவிட 68 வெள்ளி குறைவு, அவ்வளவுதான். 266ல் 68 மட்டுமே வட்டி குறைந்ததால் வந்தது. மிச்சம் 198ம் கடனை ஒன்பது வருடம் இழுத்ததால் வந்தது.

இழுத்தால் என்ன ஆகும்? இப்போதைய கடனை இப்படியே கட்டி முடித்தால் இனி நீ கொடுக்கப்போகும் வட்டி சுமார் 101,000. புதுக் கடனை 21 வருடத்தில் முடித்தால் 84,000. அதையே 30 வருடத்துக்கு எடுத்தால் 125,600. வட்டி விகிதம் குறைந்தும் கொடுக்கும் வட்டி 24,600 வெள்ளி கூடுகிறது, உனக்கும் 69 வயது ஆகிவிடும். மாதச் செலவுக்கே கஷ்டம், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட முடியவில்லை என்றால் இழுப்பதில் தப்பில்லை, அது வேறு அவசியம். லாபம் என்று நினைத்து இழுக்காதே.

குணா தம்பி சொன்ன நூற்றுக்கு ஒன்று பழைய கணக்கு. 2023 ஜூலை 15லிருந்து முதல் 500,000 வெள்ளிக்கு 1.25 சதவீதம். 180,000க்கு 2,250, அதன் மேல் 8 சதவீதச் சேவை வரி 180, ஆக 2,430. அதிகாரி எழுதியது சரி. குணா, நீ 2021ல் மாற்றியதால் உனக்கு ஒரு சதவீதம் போட்டிருப்பார்கள்.

டீச்சர், உங்கள் கேள்வி வேறு. உங்களுடையது நிலையான 4 சதவீதம், கடன் முடியும் வரை அசையாது. இவர்கள் சொல்லும் 3.90, மத்திய வங்கி வைக்கும் ஓபிஆர் வட்டியோடு சேர்ந்து ஏறி இறங்கும். 2022 மே மாதத்துக்கு முன்னால் ஓபிஆர் 1.75. ஒரே வருடத்தில் அது 3.00 ஆனது. 0.10 வித்தியாசத்துக்காக நிலையான வட்டியை விட்டு வெளியே வராதீர்கள்.

---

மலர்விழி, சுங்கை சிப்புட் | செவ்வாய், மதியம் 1.20

ஐயா, படித்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அவர் கொடுத்த தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மூலையில் சின்ன எழுத்தில் 360 என்று இருக்கிறது. அது மாதக் கணக்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சரி, 21 வருடத்துக்கே போட்டாலும் மாதம் 68 மிச்சம். 3,330ஐ 68ஆல் வகுத்தால் 49 மாதம், நாலு வருடம். அப்படியென்றாலும் மாற்றலாம் இல்லையா?

---

தேவி, வக்கீல் அலுவலகம் | செவ்வாய், மதியம் 2.48

மலர் அக்கா, நான் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வீட்டுப் பத்திரக் கோப்புகளைப் பார்க்கிறேன். 3,330 முழுச் செலவு இல்லை. புது வங்கி வீட்டை மதிப்பீடு செய்யச் சொல்லும். உங்கள் வீடு இப்போது 260,000 போகும் என்று வைத்துக்கொண்டால் மதிப்பீட்டாளர் கட்டணம் வரியோடு 615 வரும். பழைய வங்கி நிலப் பட்டாவில் போட்ட அடமானத்தை நீக்குவது தனி வேலை. அதற்கு ஒரு வக்கீல் கூலி, எங்கள் அலுவலகத்தில் வரியோடு 380 வாங்குகிறோம். அப்புறம் நில அலுவலகத்தில் நீக்கலைப் பதிய, புது அடமானத்தைப் பதிய, பட்டாவைத் தேடிப் பார்க்க, திவால் தேட, நகல் எடுக்க என்று சில்லறையாகப் போவது ஒரு 575. கூட்டினால் 4,900.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதில் பலர் அடிபடுகிறார்கள். பழைய வங்கி மீதிக் கணக்குக் கடிதம் கொடுக்கும்போது ஒரு தேதி வரைக்கும் இவ்வளவு, அதற்குப் பிறகு நாளுக்கு இவ்வளவு வட்டி என்று எழுதியிருக்கும். புது வங்கியின் பணம் போய்ச் சேரும் வரை பழைய தவணையை நிறுத்தக் கூடாது. ‘மாறப்போகிறதே, இந்த மாதம் எதற்கு’ என்று நிறுத்திவிட்டு, வங்கிகள் பார்க்கும் சிசிரிஸ் கடன் பதிவேட்டில் ஒரு மாத பாக்கி விழுந்து, புது வங்கி கேள்வி மேல் கேள்வி கேட்ட கோப்பு என் மேசையிலேயே இருந்திருக்கிறது. கூடுதலாகக் கட்டியது பிறகு திரும்பி வந்துவிடும். அதோடு, கடனை முடிக்கப்போவதாகப் பழைய வங்கிக்கு எத்தனை மாதத்துக்கு முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று உங்கள் பழைய ஒப்பந்தத்தில் பாருங்கள்.

---

குணா, தாப்பா | செவ்வாய், மாலை 6.10

1.25 எனக்குத் தெரியாது, திருத்தியதற்கு நன்றி ஐயா. ஆனால் 4,900ஐ 68ஆல் வகுத்தால் 72 மாதம், ஆறு வருடம். அப்படிப் பார்த்தால் யாருமே மாற்ற முடியாதே?

---

சாமிநாதன், ஈப்போ | செவ்வாய், இரவு 8.55

இல்லை தம்பி, இப்போது நீ மறுபக்கம் சாய்ந்துவிட்டாய். 68 என்பது தவணையில் உள்ள வித்தியாசம். வட்டியில் உள்ள வித்தியாசம் அதைவிடப் பெரியது. 180,000க்கு 0.70 சதவீதம் என்றால் முதல் வருடம் ஏறக்குறைய 1,250 வெள்ளி, மாதத்துக்கு நூறுக்கு மேல். அதில் 68 உன் கைக்கு வருகிறது. மீதி உன் கண்ணில் படாமல் அசலில் போய் விழுகிறது. அதாவது புதுக் கடனில் அசல் கொஞ்சம் வேகமாகக் குறைகிறது. அந்தப் பணமும் உன்னுடையதுதான். வீட்டை விற்கும்போதோ கடன் முடியும்போதோ தெரியும்.

ஆகவே செலவு திரும்பும் நாளைத் தெரிந்துகொள்ளத் தவணை வித்தியாசத்தால் வகுக்கக் கூடாது. வருடா வருடம் வட்டியில் எவ்வளவு குறைகிறது என்று கூட்ட வேண்டும். இந்தக் கணக்கில் முதல் வருடம் 1,250, பிறகு 1,230, 1,210, 1,180 என்று அசல் குறையக் குறைய அதுவும் குறையும். நாலு வருடத்தில் 4,870. ஆக 4,900 திரும்ப நாலு வருடமும் ஒரு மாதமும் ஆகும்.

மலர்விழி, நீயும் நாலு வருடம் என்று சொன்னாய், விடை கிட்டத்தட்ட ஒன்றாக வந்தது தற்செயல். உன் கணக்கில் செலவும் குறைவு, மிச்சமும் குறைவு, இரண்டு தப்பும் ஒன்றையொன்று அடித்துவிட்டன. வேறு கடனில் அப்படி அமையாது.

இன்னொரு வழியும் இருக்கிறது. புது வங்கியிலும் மாதம் 1,115ஐயே கட்டிக்கொண்டு வந்தால் கடன் 229 மாதத்தில் முடியும். 23 மாதம் முன்னதாக. கூடுதல் 68 அசலில் கழிகிறதா, முன்பணமாகச் சும்மா கிடக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். சில கடன்களில் அசலில் கழியுங்கள் என்று நாம் சொன்னால்தான் கழிப்பார்கள்.

இதெல்லாம் ஒரு பக்கம். இப்போதைய வங்கியிடம் நீ கேட்டாயா?

---

மலர்விழி, சுங்கை சிப்புட் | செவ்வாய், இரவு 9.30

என்ன கேட்பது ஐயா? ஒன்பது வருடத்துக்கு முன்னால் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, அதை மாற்றுவார்களா?

---

சாமிநாதன், ஈப்போ | செவ்வாய், இரவு 9.52

மாற்றுவார்கள், எல்லாருக்கும் இல்லை. ஒழுங்காகக் கட்டுகிற வாடிக்கையாளர் வெளியே போவதைவிட விகிதத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொள்வது அவர்களுக்கும் நல்லது. நான் வேலையில் இருந்தபோது வாரத்துக்கு இரண்டு மூன்று கடிதம் வரும். வெறுமனே ‘குறையுங்கள்’ என்று எழுதியவர்களுக்குப் பதில் தாமதமாகும். வேறு வங்கி கொடுத்த கடிதத்தின் நகலை இணைத்தவர்களுக்குச் சீக்கிரம் பதில் வரும்.

எதைக் குறைக்கச் சொல்ல வேண்டும் என்பதையும் தெரிந்துகொள். ஓபிஆர் 2025 ஜூலையில் 3.00லிருந்து 2.75க்கு இறங்கியது. அப்போது உன் விகிதமும் இறங்கியிருக்கும், புதுக் கடனும் அதோடுதான் ஏறி இறங்கும். புது வங்கி சொல்வது, ஓபிஆரோடு நகரும் அடிப்படை விகிதமான எஸ்பிஆர் 2.75, அதன் மேல் 1.15, ஆக 3.90. நாளைக்கு ஓபிஆர் ஏறினாலும் இரண்டு கடனும் சேர்ந்தே ஏறும், 0.70 இடைவெளி அப்படியே நிற்கும். அந்த மேல் விகிதம்தான் வங்கியின் பங்கு, பேரம் பேச வேண்டியது அதில்தான்.

அதே வங்கியில் குறைத்தால் புதுப் பத்திரம் இல்லை, மதிப்பீடு இல்லை, அடமான நீக்கல் இல்லை.

---

ரவி, பீடோர் | புதன், காலை 6.40

நான் கேட்க நினைத்ததை யாருமே கேட்கவில்லை. மலர் அக்கா, உங்கள் வீட்டு நிலம் நிரந்தர உரிமையா, 99 வருடக் குத்தகையா?

என்னுடையது குத்தகை. பட்டாவில் ‘சேகாத்தான் கெப்பெந்திங்கான்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. மாநில அரசின் அனுமதி இல்லாமல் நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது என்று என் பட்டாவில் எழுதியிருந்தது. முதல் கடனுக்கு வாங்கிய அனுமதி முதல் வங்கிக்குத்தான். வங்கி மாறினால் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். எனக்கு அனுமதி வர ஏழு மாதம் ஆனது. அதற்குள் வங்கியின் கடிதம் காலாவதி, மதிப்பீடும் பழையதாகிவிட்டது, மறுபடி மதிப்பீட்டுக் கட்டணம். அந்த ஏழு மாதமும் பழைய வட்டியே கட்டினேன். கையெழுத்துப் போட்ட அன்று எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. அந்த வலி இன்னும் இருக்கிறது, அதனால்தான் காலையிலேயே எழுதுகிறேன்.

---

தேவி, வக்கீல் அலுவலகம் | புதன், காலை 9.15

ரவி அண்ணன் சொன்னது முக்கியம். ஆனால் எல்லாக் குத்தகை நிலத்துக்கும் ஒரே மாதிரி இல்லை. சில பட்டாவில் விற்பதற்கு மட்டும் அனுமதி கேட்கும், அடமானத்துக்குக் கேட்காது. வாசகத்தைப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. அக்கா, பட்டாவின் நகல் உங்களிடம் இருந்தால் அந்தப் பகுதியில் ‘டிகாடை’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடமானத்துக்கும் அனுமதி தேவை.

---

மலர்விழி, சுங்கை சிப்புட் | புதன், இரவு 10.10

பீரோவில் இருந்த பழைய கோப்பை எடுத்துப் பார்த்தோம். 99 வருடக் குத்தகைதான். நகல் மங்கிப்போயிருக்கிறது, வீட்டுக்காரர் கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் பிடிக்க நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். உரிமை மாற்றத்தைக் குறிக்கும் ‘டிபிண்டாமிலிக்’ தெரிகிறது, அதற்கு அடுத்த சொல் மடிப்பில் கிழிந்துவிட்டது. நில அலுவலகத்தில் தேடல் நகல் எடுக்க வேண்டும்.

அதே கோப்பில், நான் இறந்தால் வீட்டுக்கடனை அடைக்கும் எம்ஆர்டிஏ காப்புறுதிப் பத்திரமும் இருந்தது, 2016ல் 30 வருடத்துக்கு எடுத்தது. புது அதிகாரியிடம் இன்று பேசினேன். 3.90 வேண்டும் என்றால் அவர்களிடம் புது எம்ஆர்டிஏ எடுக்க வேண்டுமாம், அந்தக் காசைக் கடனிலேயே சேர்த்துவிடலாம் என்கிறார். இது 4,900ல் இருக்கிறதா ஐயா?

---

சாமிநாதன், ஈப்போ | வியாழன், காலை 7.30

இல்லையம்மா, இது அதற்கு மேல். கடனில் சேர்த்தால் அதற்கும் 21 வருடம் வட்டி கட்டுவாய். இரண்டு கேள்வி கேள். பழைய எம்ஆர்டிஏவைப் புது வங்கியின் பெயருக்கு மாற்றிக் கொடுத்தால் ஏற்பார்களா? புதுசு எடுக்காவிட்டால் விகிதம் எவ்வளவு? 3.90 இல்லாமல் 4.00 என்று சொன்னால் அந்த 0.10ஐயும் காப்புறுதிக் காசையும் பக்கத்தில் வைத்துப் பார். உன் பழைய காப்புறுதி இன்னும் 21 வருடம் ஓடும். கடனையும் 21லேயே வைத்தால் இரண்டும் ஒன்றாக முடியும். 30க்கு இழுத்தால் கடைசி ஒன்பது வருடம் காப்பே இருக்காது. பழையதை ரத்து செய்தால் கொஞ்சம் காசு திரும்பும். ஆனால் 39 வயதில் புதிதாக எடுப்பது 30 வயதில் எடுத்த விலையில் கிடைக்காது.

---

மலர்விழி, சுங்கை சிப்புட் | 9 நாள் கழித்து, சனி, இரவு 8.05

எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டியது என் கடமை. ஐயா சொன்னபடி புது வங்கியின் தாளை இணைத்து எங்கள் வங்கிக்குக் கடிதம் கொடுத்தேன். நேற்று பதில் வந்தது. 4.60ஐ 4.20 ஆக்குகிறார்கள். கட்டணம் இல்லை, சேர்க்கைக் கடிதத்துக்கு 10 வெள்ளி முத்திரை மட்டும். மாதம் 1,076 வரும். புது வங்கி பழைய எம்ஆர்டிஏவை ஏற்பதாக வாயால்தான் சொல்கிறது, எழுத்தில் இன்னும் தரவில்லை.

வீட்டுக்காரர் 3.90தான் வேண்டும் என்கிறார். 3.90 எப்படிப் பார்த்தாலும் 4.20ஐவிடக் குறைவுதானே என்பது அவர் கட்சி.

---

சாமிநாதன், ஈப்போ | சனி, இரவு 9.20

சந்தோஷம் மலர்விழி. இனி உன் வீட்டுக்காரர் 3.90ஐ 4.60க்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, 4.20க்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். 4.20 சும்மா கிடைக்கிறது. மேற்கொண்டு 0.30க்குத்தான் 4,900 கொடுக்கிறீர்கள். 0.30 முதல் வருடம் 530 வெள்ளி மிச்சம் பண்ணும், பிறகு வருடா வருடம் குறையும். நான் கூட்டிப் பார்த்தேன், 4,900 திரும்பப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது.

21 வருடமும் கட்டி முடித்தால், 4.20ல் இருப்பதால் மிச்சம் சுமார் 9,850. 3.90க்குப் போய்ச் செலவைக் கழித்தால் 12,200. வித்தியாசம் 2,350, அதுவும் 21 வருடத்துக்கு. நடுவில் வீட்டை விற்றால் நஷ்டம்.

---

குணா, தாப்பா | சனி, இரவு 9.48

ஐயா, 2,350 வெள்ளியும் காசுதானே? விற்கப்போவதில்லை என்று உறுதியாக இருந்தால் ஏன் விட வேண்டும்? செலவை முழுக்க வங்கியே ஏற்கும் சலுகையும் வருகிறது. அக்கா அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

---

தேவி, வக்கீல் அலுவலகம் | சனி, இரவு 10.02

கேட்கலாம் அண்ணா. ஆனால் அப்படிப்பட்ட கடிதத்தில் மூன்று அல்லது ஐந்து வருடத்துக்குள் கடனை முடித்தால் ஏற்ற செலவைத் திருப்பித் தர வேண்டும், அதோடு அபராதமும் உண்டு என்று இருக்கும். அபராதம் மீதிக் கடனின் மேலா, முதலில் எடுத்த தொகையின் மேலா என்பதைப் படிக்க வேண்டும். விகிதமும் 3.90ஆகவே இருக்குமா என்று கேளுங்கள்.

---

மலர்விழி, சுங்கை சிப்புட் | சனி, இரவு 10.40

பெரியவள் இரண்டு வருடத்தில் ஈப்போவுக்குப் படிக்கப் போவாள். அப்போது நாங்களும் அங்கே போய்விடுவோமா என்று இன்னும் பேசி முடிக்கவில்லை. இந்த 4.20 கடிதத்துக்கு 14 நாள் அவகாசம் இருக்கிறது. திங்கட்கிழமை நில அலுவலகத்தில் தேடல் நகல் எடுக்கிறேன். அந்தக் கிழிந்த இடத்தில் ‘டிகாடை’ இருந்தால் 4.20லேயே கையெழுத்துப் போட்டுவிடுவேன், ரவி அண்ணன் பட்ட பாடு எங்களுக்கு வேண்டாம். இல்லாவிட்டால் செலவை ஏற்கச் சொல்லிப் புது வங்கியிடம் ஒரு தடவை கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

---

ரவி, பீடோர் | சனி, இரவு 10.55

தேடல் நகல் எடுக்கப் போகும்போது பட்டா எண்ணும் லாட் எண்ணும் எழுதிக்கொண்டு போங்கள் அக்கா. நிலவரி ரசீதில் இரண்டும் இருக்கும்.